கையா, களமா: மணிக்கட்டுச் சுழலும் விரல் சுழலும்

மணிக்கட்டால் சுழற்றுபவர் பந்தை அதிகம் திருப்புவார், ஆனால் அடி வாங்குவார். விரலால் சுழற்றுபவர் குறைவாகத் திருப்புவார், ஆனால் ஓட்டம் கொடுக்க மாட்டார். கிரிக்கெட் பேசும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் சொல்லிவிடுகிற தீர்ப்பு இது. பாதி உண்மை என்பதால்தான் இத்தனை நாள் நீடிக்கிறது. திருப்பம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், விரல் சுழலரான அஸ்வின் டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்ததற்கும், சுழலுக்கு எளிதில் இணங்காத ஆஸ்திரேலிய மண்ணில் வளர்ந்த நேதன் லயன் 500ஐக் கடந்ததற்கும் விளக்கம் இல்லாமல் போகும். துல்லியம்தான் தீர்மானிக்கும் என்றால், 2017ல் சாம்பியன்ஸ் டிராபி முடிந்த பிறகு ஒருநாள் அணியிலிருந்து அஸ்வின், ஜடேஜா இருவரையும் விலக்கி, ஓட்டம் கொடுக்கும் அபாயம் தெரிந்தே மணிக்கட்டுச் சுழலர்களான குல்தீப்பையும் சாஹலையும் இந்தியா இறக்கியிருக்காது. எவ்வளவு திரும்புகிறது என்பதைவிட, பந்து எந்த அச்சில் சுழல்கிறது, அந்த அச்சை வீசுபவர் எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து. மட்டையாளரின் மனத்தில் எழும் ஐயம் களத்திலிருந்து வருகிறதா, வீசுபவரின் கையிலிருந்து வருகிறதா என்பதில்தான் இந்த இரு வகைகளும் உண்மையில் பிரிகின்றன.

பிடியிலிருந்து தொடங்கலாம். ஆஃப் பிரேக் வீசுபவர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக அகட்டி, முதல் கணுக்கள் தையலின் மீது குறுக்காகப் படும்படி பந்தைப் பிடிக்கிறார். வேலை பெரும்பாலும் ஆள்காட்டி விரலுடையது. கதவுக் குமிழை வலப்பக்கமாகத் திருகுவதுபோல் அது பந்தை இழுத்துவிடுகிறது. லெக் பிரேக்கில் முதல் இரண்டு விரல்களும் மேலே அவ்வளவு அகலாமல் இருக்க, மோதிர விரல் மடங்கித் தையலை ஒட்டிக் கிடக்கும். கட்டைவிரல் பந்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். வீசும்முன் மணிக்கட்டு உள்நோக்கி மடிந்து, விடுகிற கணத்தில் விரிந்து உதற, கடைசி இழுப்பை மோதிர விரல் தருகிறது. விரல் சுழலரும் மணிக்கட்டைப் பயன்படுத்தத்தான் செய்கிறார். மணிக்கட்டுச் சுழலரும் விரலின்றிச் சுழற்றிவிட முடியாது. வேறுபாடு அளவில் இருக்கிறது. மடிந்து விரியும் மணிக்கட்டு நீண்ட தூரம் பயணிப்பதால் பந்துக்குக் கூடுதல் சுழற்சி கிடைக்கிறது. அதே பயணம்தான் பிழைக்கும் இடம் கொடுக்கிறது. பந்தை விடும் கணம் இம்மி பிந்தினால் பந்து பாதியில் குத்தி மட்டையாளருக்கு வசதியாக எழும்; முந்தினால் இடுப்பு உயரத்துக்கு ஃபுல் டாஸ் ஆகும். ஆள்காட்டி விரலின் சிறு இழுப்பில் தவறுவதற்கு அவ்வளவு வாய்ப்பில்லை.

இனித் திருப்பம். மட்டையின் அகலம் அதிகபட்சம் 10.8 சென்டிமீட்டர். அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்தரை சென்டிமீட்டர்கூட இல்லை. மட்டைக்கு மூன்று மீட்டர் முன்னால் குத்தும் பந்து, மட்டையாளர் கணித்த கோட்டிலிருந்து ஒரே ஒரு பாகை விலகினால் ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். நடுமட்டைக்கு வர வேண்டியது விளிம்பைத் தேடிப் போய்விடும். இரண்டு பாகை விலகினால் மட்டையையே தொடாது. ஆக, விக்கெட் எடுக்க ஒன்றிரண்டு பாகையே போதும். எட்டு பாகை திரும்பும் பந்து கைதட்டலை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் தாண்டிப் போகும். எத்தனை பாகை என்று முன்கூட்டித் தெரிந்துவிட்டால் எட்டு பாகையைக்கூட மட்டையாளர் சமாளித்துவிடுவார். தெரியாவிட்டால் ஒன்றே அவரைக் கொல்லும். நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸ் வரையிலான 17.7 மீட்டரைக் கடக்க முக்கால் விநாடிக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. குத்திய பிறகு மட்டையை அடைய மிஞ்சுவது சுமார் ஐந்தில் ஒரு விநாடி. மனிதக் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசையவே அவ்வளவு நேரம் ஆகிவிடும். எனவே நல்ல நீளத்தில் விழும் பந்தை யாரும் குத்திய பின் பார்த்து ஆடுவதில்லை; குத்துமுன்பே ஊகித்து ஆடுகிறார்கள். அந்த ஊகத்தைக் கெடுப்பதுதான் சுழற்பந்துவீச்சின் வேலை.

அதைக் கெடுக்கும் முதல் கருவி டிரிஃப்ட், அதாவது காற்றில் பக்கவாட்டாக நகர்வது. இதைப் பற்றி வர்ணனையாளர்கள் சொல்வதில் பாதி மாயம், மீதி காற்றின் திசை. காரணம் அதைவிட எளிமையானது. சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கம் தள்ளும். இதை மேக்னஸ் விளைவு என்பார்கள். ஆனால் பந்து தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு, துப்பாக்கிக் குண்டைப்போலச் சுழன்றால் அந்தத் தள்ளல் இருக்காது. தரையில் குத்தும்போது அதிகம் திரும்பும் பக்கச்சுழல் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். பிறகு டிரிஃப்ட் எங்கிருந்து வருகிறது? பந்து வளைவாக வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. சுழற்சியின் அச்சு கையை விட்டபோது இருந்தபடியே கிடைமட்டமாக இருக்க, பந்தின் பயணத் திசை மட்டும் உச்சியைத் தாண்டியதும் கீழ்நோக்கிச் சாய்கிறது. அச்சுக்கும் பாதைக்கும் இடையே இப்படிக் கோணம் விழுந்ததும் காற்று தள்ளத் தொடங்குகிறது. எந்தப் பக்கம்? குத்திய பின் பந்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். லெக் பிரேக் கடைசி சில மீட்டர்களில் வலக்கை மட்டையாளரின் கால்பக்கம் நகர்ந்து, குத்தி, ஆஃப் பக்கம் திரும்பும். ஆஃப் பிரேக் வெளியே நகர்ந்து உள்ளே வரும். தட்டையாக, வேகமாகத் தள்ளிவிடும் பந்தில் இது ஏன் நிகழ்வதில்லை என்பதும் இதிலேயே புரியும்: கீழிறங்கும் வளைவு இல்லையென்றால் கோணமும் இல்லை. ‘பந்தைத் தூக்கிப் போடு’ என்று பழைய பயிற்சியாளர்கள் அலுக்காமல் சொன்னதற்கு இயற்பியலின் ஆதரவு உண்டு. இதில் மணிக்கட்டுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. நன்றாகச் சுழற்றி, வளைவாக விடும் விரல் சுழலருக்கும் டிரிஃப்ட் கிடைக்கும். இங்கிலாந்தின் கிரேம் ஸ்வான் அதை வைத்தே பிழைத்தவர்.

1993 ஜூன் 4 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மைக் கேட்டிங்குக்கு ஷேன் வார்ன் வீசிய பந்தை எல்லோரும் திருப்பத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி ஆஃப் ஸ்டம்பின் உச்சியைத் தட்டியது என்றால், ஓர் அடிக்குக் குறையாமல் திரும்பியிருக்கும். ஆனால் ஒளிப்பதிவை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டிங்கின் காலைக் கவனித்தால் கதை வேறு. பந்து முதலில் நடு ஸ்டம்புக்கு வருவதுபோலத்தான் வருகிறது. பின்பாதியில் சட்டெனக் கால்பக்கம் நகர்கிறது. கேட்டிங் செய்தது எதுவும் முட்டாள்தனமில்லை. பந்து போகும் இடத்துக்கே முன்காலை நீட்டி, அதன் பக்கத்தில் மட்டையை வைத்தார். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தும் பந்துக்கு எல்.பி.டபிள்யூ. கிடையாது, திரும்பினால் கால்காப்போ மட்டையோ தடுக்கும். டிரிஃப்ட் அவரைக் கால்பக்கம் இழுத்து ஆஃப் ஸ்டம்பைத் திறந்து வைத்தது. திருப்பம் உள்ளே புகுந்தது, அவ்வளவுதான். நேராக வந்து அதே அளவு திரும்பியிருந்தால், விக்கெட் கீப்பர் இயன் ஹீலியின் கையுறைக்குப் போயிருக்கும். அந்தப் பந்தில் கூக்ளியின் வஞ்சம் எதுவும் கிடையாது. அது லெக் பிரேக் என்று கேட்டிங்குக்கு ஐயமில்லாமல் தெரியும்.

கூக்ளி வேறு வகையான ஏமாற்று. பெர்னார்ட் போசான்கே என்ற மிடில்செக்ஸ் ஆட்டக்காரர் மேசையில் டென்னிஸ் பந்தை எதிராளிக்கு எட்டாமல் திருப்பும் விளையாட்டில் கண்டுபிடித்து, 1900ல் கவுன்டி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தது அது. லெஸ்டர்ஷயரின் கோ என்பவர் சதத்துக்கு இரண்டு ஓட்டம் இருக்கும்போது அதில் ஸ்டம்பிங் ஆனார். அந்தப் பந்து நான்கு முறை குத்தியதாம். இயக்கத்தைக் கவனித்தால் அதன் அழகு தெரியும். கூக்ளியில் விரல்கள் புதிதாக எதையும் செய்வதில்லை. லெக் பிரேக்குக்கு எந்த விரல் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதையேதான் இழுக்கிறது. மணிக்கட்டு மட்டும் மேலும் சுற்றிக்கொண்டு, புறங்கை மட்டையாளரைப் பார்க்கும் நிலைக்குப் போய்விடுகிறது. பந்து சுண்டுவிரல் பக்கமாக வெளியேறுகிறது. கையோடு ஒப்பிட்டால் சுழற்சி மாறவில்லை. கை தலைகீழாகிவிட்டதால் தரையோடு ஒப்பிடும்போது எதிர்ப்பக்கமாகிவிட்டது. லெக் பிரேக்குக்கும் கூக்ளிக்கும் நடுவே கையை நிறுத்தினால் பந்து முன்னோக்கி உருண்டு, சட்டென விழுந்து, உயரமாக எழும் டாப் ஸ்பின்னர் கிடைக்கும். இந்த மூன்றும் தனித்தனிப் பந்துகள் இல்லை, ஒரே வட்டத்தின் மூன்று புள்ளிகள். மணிக்கட்டுச் சுழலர் அந்த வட்டத்தில் எங்கும் நிற்கலாம். அவருக்கு வாய்த்த உண்மையான வரம் அந்தச் சுதந்திரம்தான். கூடுதல் திருப்பம் உபரி.

கூக்ளிக்குக் கிடைத்த புகழ்பெற்ற பலி டான் பிராட்மன். 1948ல் ஓவல் மைதானத்தில் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸுக்கு அவர் வந்தபோது சராசரி நூறாக இருக்க நான்கு ஓட்டங்கள் போதும். எரிக் ஹாலிஸ் வீசிய முதல் பந்தைத் தடுத்தார். இரண்டாவது கூக்ளி, முன்னே வந்து ஆடிய பிராட்மனின் மட்டைக்கும் கால்காப்புக்கும் இடையே நுழைந்து ஸ்டம்பைச் சாய்த்தது. அப்படியொன்றும் பிரமாதமாகத் திரும்பிய பந்து இல்லை அது. கேட்டிங் இழந்ததில் ஓர் அடித் திருப்பம் இருந்தது. பிராட்மன் இழந்ததில் சில அங்குலம் இருந்திருந்தால் அதிகம். திசை தவறாக ஊகிக்கப்பட்டதால் அந்தச் சில அங்குலமே 99.94 என்ற எண்ணைக் கிரிக்கெட் வரலாற்றில் நிலைநிறுத்திவிட்டது.

கூக்ளியைக் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கலாம். வலுவான எதிர்வாதம்தான். புறங்கை தெரிவது ஓர் அடையாளம். தோள் சற்றுத் தாழும், பந்து கையைவிட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி வரும், தையல் சுழலும் கோணம் ஸ்லிப்பை நோக்காமல் ஃபைன் லெக்கை நோக்கும். மேலே சொன்ன விதிப்படி டிரிஃப்ட்டும் எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சையும் நூறு கோணத்தில் பார்த்துவிட்டு வரும் இன்றைய மட்டையாளருக்கு இதெல்லாம் பாடம். ஆனால் அடையாளம் இருப்பதும் அது காலத்தில் கிடைப்பதும் ஒன்றல்ல. கையைப் பார்த்துத் தெரிந்தால் முழு முக்கால் விநாடி கிடைக்கும். தையலைப் பார்த்துத் தெரிந்தால் அதில் பாதி. டிரிஃப்ட் வரை காத்திருந்தால் கால் ஏற்கெனவே நகர்ந்திருக்கும். தவிர, பெரும்பாலான கூக்ளிகளில் முன்சுழல் அதிகம் கலந்திருப்பதால் பக்கவாட்டு நகர்வு தெளிவாக இராது. சரியாகப் படித்துவிட்ட மட்டையாளர்கூட ஒரு விலை கொடுக்கிறார்: உறுதி செய்துகொள்ள அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பவர் கிரீஸை விட்டு இறங்கி வரமாட்டார், பின்காலிலேயே ஆடுவார். கூக்ளி எடுக்கும் விக்கெட்டுகளில் கணிசமானவை அடுத்து வரும் லெக் பிரேக்கின் கணக்கில் எழுதப்படுகின்றன. இந்த ஐயத்தை ஊட்டுவதற்காகப் பழைய ஆட்டக்காரர்கள் எந்த எல்லைக்கும் போனார்கள். ஆஸ்திரேலியாவின் கிளாரி கிரிம்மெட் தான் உருவாக்கிய ஃபிளிப்பரை விரல் சொடுக்கில் விடுவார். அந்தச் சொடுக்குச் சத்தத்தை வைத்தே சிலர் கண்டுபிடிக்கத் தொடங்கியதும், சாதாரண லெக் பிரேக் வீசும்போது இடக்கை விரல்களைச் சொடுக்கிக் குழப்பினாராம்.

கூக்ளியின் வெற்றிக்கு ஏமாற்றுதான் காரணம் என்ற வாதத்துக்கு இன்னும் சங்கடமான சாட்சி ஒருவர் இருக்கிறார்: தென்னாப்பிரிக்காவின் ரெஜி ஷ்வார்ட்ஸ். மிடில்செக்ஸில் போசான்கேயுடன் ஆடி வித்தையைக் கற்று, அதை ஃபாக்னர், வோக்லர், வைட் ஆகியோரிடம் சேர்த்தவர். 1905-06ல் இந்த நால்வரும் சேர்ந்து இங்கிலாந்தை 4-1 என்று வீழ்த்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஷ்வார்ட்ஸ் ஏறக்குறைய கூக்ளியை மட்டுமே வீசினார். லெக் பிரேக் அவரிடம் வரவில்லை. கூக்ளியை அதிகம் பழகுபவர்களுக்கு நேரும் விபத்து இது. சுற்றிக்கொண்ட மணிக்கட்டு திரும்பி வர மறுக்கும். பக்கச்சுழல் குறைந்து எல்லாப் பந்தும் முன்னோக்கியே உருளும். வீசுபவருக்குத் தெரியாமலே இது நடக்கும். லெக் பிரேக் குத்திய பின் திரும்பாமல் எழும்பிக்கொண்டு மட்டும் போனால், சீக்கு பிடித்துவிட்டது என்று அறியலாம். ஆனால் லெக் பிரேக் இல்லாத ஷ்வார்ட்ஸ் விக்கெட்டுகளை அள்ளினார். எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தே இல்லாதபோது ஏமாற்று எங்கே இருந்தது? எனக்குத் தெரிந்த விடை ஆடுகளம். தென்னாப்பிரிக்காவில் அப்போது பாய் விரித்த களங்கள். பந்து கடித்து எழும். 1907ல் இங்கிலாந்துப் பயணத்தில் அவர் கொடிகட்டிப் பறந்தது மழையில் நனைந்த கோடையில். எந்தப் பக்கம் திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு திரும்பும், எவ்வளவு எழும் என்பது களத்துக்கே தெரியாது. பிடி எதுவானாலும் அவர் ஆடிய ஆட்டம் விரல் சுழலரின் ஆட்டம்.

விரல் சுழலர் நம்புவது இந்த நிச்சயமின்மையைத்தான். ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், ஒரே அச்சில் இருபது பந்து போட்டாலும் பத்தில் தையல் மண்ணில் படும், பத்தில் வழவழப்பான தோல் படும். முன்னது திரும்பும், பின்னது சறுக்கிக்கொண்டு நேராகப் போகும். எது எப்படிப் போகும் என்று வீசுபவருக்கே தெரியாதபோது மட்டையாளர் அவர் கையைப் பார்த்து என்ன செய்வார்? அச்சைச் சற்றுச் சாய்த்து, தையல் தரையில் படாதபடி விட்டால் அதே சறுக்கலைத் திட்டமிட்டும் வரவழைக்கலாம். 2020 டிசம்பரில் அடிலெய்டில் ஸ்டீவ் ஸ்மித்தை ஒரு ஓட்டத்தில் அஸ்வின் வீழ்த்தியது இப்படித்தான். ஸ்மித் உள்ளே திரும்பும் பந்துக்கு ஆடினார்; பந்து திரும்பாமல் விளிம்பைத் தொட்டு ஸ்லிப்பில் ரஹானேயின் கைக்குப் போனது. திரும்பாத பந்து எடுத்த விக்கெட்டை எந்தத் தொகுப்பிலும் அற்புதம் என்று காட்டமாட்டார்கள். ஒன்றிரண்டு பாகைக் கணக்குக்கு அதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

விரல் சுழலரும் எதிர்ப்பக்கம் திருப்பலாமே, தூஸ்ரா இருக்கிறதே என்றால், இருந்தது என்பதே சரி. சக்லைன் முஷ்டாக் 1990களில் அதைப் பெரிதாக்கினார். ஆனால் ஆஃப் பிரேக் விரல்களோடு புறங்கையை மட்டையாளருக்குக் காட்டி, கையையும் நீட்டமாக வைத்துப் பந்துக்குப் போதிய சுழற்சி தருவது பெரும்பாலான உடல்களுக்குக் கூடாத காரியம். முழங்கை மடிந்து நிமிர்ந்தே தீரும். 2005ல் வந்த 15 பாகை வரம்பு அதற்கு ஓரளவு இடம் கொடுத்தது. 2014ல் சயீத் அஜ்மல் தடைபட்ட பிறகு அந்த வாசலும் ஏறத்தாழ மூடிவிட்டது. சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் புழங்கிய ‘சொடுக்குப் பந்து’ அஸ்வினுக்கு மாற்றுவழியானது. நடுவிரலால் சுண்டிவிடும் அந்தப் பந்தில் முழங்கைச் சிக்கல் இல்லை. ஆனால் பிடி மாறுவது மட்டையாளருக்குத் தெரியும், சுழற்சியும் குறைவு. விரல் சுழலரின் அச்சு வட்டத்தில் ஒரு பகுதியில்தான் நகர முடியும் என்பது ஆற்றல் குறையால் வருவதன்று, முழங்கையின் அமைப்பால் வருவது.

வார்ன் கூக்ளியை அரிதாகவே பயன்படுத்தினார், கும்ப்ளே லெக் ஸ்பின்னர் என்ற பெயரில் பந்தைத் திருப்பவே இல்லை, இருவருமாக 1,327 விக்கெட் எடுத்திருக்கிறார்களே, அச்சின் சுதந்திரம் எங்கே போயிற்று என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வார்ன் வட்டத்தின் மறுகோடிக்குப் போகாமல், திரும்பும் பந்துக்கும் நேராகப் போகும் பந்துக்கும் இடையே விளையாடினார். அந்தச் சிறிய இடைவெளியே அவருக்குப் போதுமாக இருந்தது, காரணம் டிரிஃப்ட்டும் துல்லியமும் சேர்ந்து அவரிடம் இருந்தன. கும்ப்ளே பக்கத்துக்குப் பதிலாக உயரத்தை எடுத்துக்கொண்டார். வேகமான முன்சுழல் பந்து எதிர்பார்த்ததைவிட நாலு விரற்கடை கூடுதலாக எழும். 1999ல் டெல்லியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் 74 ஓட்டத்துக்கு அவர் எடுத்தபோது களத்தின் ஏறுமாறான எழும்பலும் கைகொடுத்தது. மணிக்கட்டுச் சுழலர் என்ற பெயர்ப்பலகைக்குள் எத்தனை வித ஆட்டம் அடங்கியிருக்கிறது என்பதற்குத்தான் இவர்கள் சான்று.

டெஸ்ட் ஆட்டத்தில் விரலும், வெள்ளைப்பந்து ஆட்டத்தில் மணிக்கட்டும் ஏன் மேலோங்குகின்றன என்பதற்கு இங்கிருந்து எளிதாக வரலாம். நான்காம் நாள் களம் தேய்ந்து, தூசி எழுந்து, தானே ஐயத்தை உற்பத்தி செய்யும். அங்கே ஒரே இடத்தில் நூறு பந்து போடத் தெரிந்தவருக்குத்தான் அறுவடை. ஓவருக்கு ஒரு மோசமான பந்து போடுபவர் மட்டையாளரின் மூச்சை மீட்டுத் தருகிறார். இருபது ஓவர் ஆட்டக் களம் ஆணி அடித்தாற்போல் இறுகிக் கிடக்கும். அது எதையும் தராது. ஐயம் கையிலிருந்துதான் வந்தாக வேண்டும். நான்கு ஓவரில் ஒரு மோசமான பந்துக்கு ஆறு போனாலும், ஒரு தவறான ஊகம் விக்கெட்டானால் கணக்கு நேராகிவிடும். ரஷீத் கான் வேகமாக வீசும் கூக்ளிக்கு அங்கே கிடைக்கும் மதிப்பு இதனால்தான்.

இந்தப் பாகுபாட்டுக்கே அடங்காதவர் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன். பந்து திரும்பும் திசையைப் பார்த்தால் ஆஃப் ஸ்பின்னர். செயல்முறையைப் பார்த்தால் முழு மணிக்கட்டுச் சுழலர். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கையும், அசாதாரணமாக வளையும் மணிக்கட்டும் சேர்ந்து, விரல் சுழலரின் திசையில் மணிக்கட்டுச் சுழலரின் சுழற்சியைத் தந்தன. 800 விக்கெட் அந்தக் கலவையின் விளைவு. அச்சை மாற்றுவது எவ்வளவு தூரம் போகும் என்பதை இப்போது காட்டுபவர் வருண் சக்கரவர்த்தி. 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் அவருக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. அணியிலிருந்து வெளியே இருந்த காலத்தில் பிடியையோ கூக்ளியையோ அவர் கைவிடவில்லை. பக்கச்சுழலாக விட்டுக்கொண்டிருந்ததை முன்சுழலுக்கு மாற்றிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பந்து முன்பைவிட எழும்பத் தொடங்கியது; சறுக்கி வரும் பந்தென்று மட்டையைத் தாழ்த்தியவர்களுக்கு அது மேலே வந்தது. 2021ல் வெறுங்கையோடு திரும்பிய அதே துபாய் மைதானத்தில், 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபியில், நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட் எடுத்தார்.